எங்கே ஒட்டினாலும் கலையாத பதில்

"துணைப்பாட நிலையத்தில் வேலை செய்கிறேன். பெற்றோர் கேட்பதற்கெல்லாம் எங்கள் இணையதள அரட்டைப் பெட்டியில் தமிழில் பதில் எழுதுகிறேன். என் திரையில் அழகாகத்தான் தெரிகிறது. அவர்கள் அதை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் நட்சத்திரக் குறியும் கலைந்த அட்டவணையுமாக இருக்கிறது. வேர்டில் ஒட்டினால் வேறு மாதிரி கெடுகிறது. எங்கே ஒட்டினாலும் நிற்கும்படி எப்படி எழுதுவது?"

சிங்கப்பூரில் 16 வருடமாக வாடிக்கையாளர் சேவைப் பிரிவுகளுக்குப் பதில் எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. பாதிக்கு மேல் தமிழ்ப் பதில்கள். நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறும் எனக்குப் பழக்கமானவை. வேறு வேறு மாதிரித் தெரிந்தாலும் இரண்டும் ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன. அந்த இடம் தெரிந்துவிட்டால் மீதியை நீங்களே சரிசெய்துகொள்வீர்கள்.

ஒரு பதிலைத் தேர்ந்தெடுத்து நகலெடுக்கும்போது கணினி ஒன்றை மட்டும் எடுத்துவைப்பதில்லை. ஒரே சமயத்தில் இரண்டு மூன்று பிரதிகளை எடுத்துவைக்கிறது. ஒன்றின் பெயர் `text/plain`. அதில் எழுத்தும் வரி முறிவும் மட்டும் இருக்கும். இன்னொன்று `text/html`. அதில் இது தலைப்பு, இது தடிமன், இது அட்டவணையின் இரண்டாம் வரிசை என்ற விவரமெல்லாம் இருக்கும். ஒட்டுகிற செயலி இவற்றில் தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளும். வேர்டும் கூகுள் டாக்ஸும் மின்னஞ்சலும் இரண்டாவதை எடுக்கும். வாட்ஸ்அப் முதலாவதை எடுக்கும். ஆகவே ஒரே பதிலை ஒருவர் வாட்ஸ்அப்பிலும் இன்னொருவர் வேர்டிலும் ஒட்டினால் அவர்கள் ஒட்டுவது இரண்டு வெவ்வேறு பிரதிகளை. வேர்டில் அதிகமாக ஒட்டிக்கொண்டு வருவதால் கெடுகிறது, வாட்ஸ்அப்பில் குறைவாக வருவதால் கெடுகிறது.

அப்புறம் இன்னொரு விஷயம். பல அரட்டைப் பெட்டிகளில் பதிலின் கீழே ‘நகலெடு’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்துவதும், விரலால் எழுத்தை இழுத்துத் தேர்ந்தெடுத்து நகலெடுப்பதும் ஒன்றல்ல. இழுத்துத் தேர்ந்தெடுத்தால் திரையில் தெரிவது வரும். பொத்தானை அழுத்தினால் பல செயலிகளில் நீங்கள் தட்டச்சு செய்த மூல உரை அப்படியே வரும். அந்த மூல உரை பெரும்பாலும் மார்க்டவுன் என்ற முறையில் இருக்கும். 2004இல் ஜான் கிரூபர் வெளியிட்ட எளிய குறியீட்டு முறை அது. தடிமனுக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு நட்சத்திரம், தலைப்புக்கு `#`, பின்னால் வந்த விரிவாக்கங்களில் அட்டவணைக்கு `|` கோடுகள். உங்கள் திரை அதைப் படித்து அழகாக்கிக் காட்டுகிறது. வாட்ஸ்அப்புக்கு அது புரியாது. உங்கள் பெற்றோர்கள் பார்க்கும் நட்சத்திரங்கள் அங்கிருந்து வருகின்றன என்பது ஏறக்குறைய நிச்சயம். நீங்களே சோதித்துப் பார்க்கலாம். அதே பதிலைப் பொத்தானை அழுத்தி ஒரு முறை, இழுத்துத் தேர்ந்தெடுத்து ஒரு முறை, உங்கள் வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். முதலாவதில் நட்சத்திரம் இருந்து இரண்டாவதில் இல்லையென்றால் காரணம் பொத்தான்தான்.

வாட்ஸ்அப்பிலும் தடிமன் உண்டு. ஆனால் அதற்கு ஒரே ஒரு நட்சத்திரம்: `*கட்டணம்*`. சாய்வெழுத்துக்கு `_` இரு பக்கமும். மார்க்டவுனில் தடிமன் `**கட்டணம்**`. அங்கே ஒரே நட்சத்திரம் போட்டால் சாய்வெழுத்து. டெலிகிராமில் தட்டச்சு செய்யும்போது இரட்டை நட்சத்திரம். ஸ்லாக்கில் ஒற்றை. எல்லா இடத்துக்கும் பொருந்தும் தடிமன் குறி என்று ஒன்று கிடையாது. இதை ஏற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. எந்தக் குறியைப் போடலாம் என்று தேடுவதை விட்டுவிட்டு, தடிமன் போனாலும் பதில் புரிய வேண்டும் என்று எழுத ஆரம்பிப்பீர்கள். நான் கடைப்பிடிக்கும் ஒரே விதி இதுதான்: படிப்பவருக்குத் தெரிய வேண்டியது எழுத்திலேயே இருக்க வேண்டும். தடிமனிலோ நிறத்திலோ கட்டத்திலோ மட்டும் இருந்தால், ஒட்டுகிற இடத்தில் அது காணாமல் போகும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஓர் அட்டவணையால். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், பெயர் வேண்டாம், வகுப்புக் கட்டணத்தை அட்டவணையாகப் போட்டு ஒரு பதில் எழுதினேன். நான்கு நெடுவரிசை: நிலை, நாள், மாதக் கட்டணம், பாடநூல் கட்டணம். தொடக்கநிலை 5க்கு அந்த மாதம் கட்டணம் இல்லை, அறிமுகச் சலுகை. அதனால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டேன். பாடநூலுக்கு மட்டும் 25 வெள்ளி. ஒரு தாயார் அதை நகலெடுத்துக் கணவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அங்கே போய்ச் சேர்ந்தது இவ்வளவுதான்:

```
நிலை	நாள்	மாதக் கட்டணம்	பாடநூல் கட்டணம்
தொடக்கநிலை 5	சனி		25
தொடக்கநிலை 6	ஞாயிறு	160	30
```

அட்டவணையை வெறும் எழுத்தாக நகலெடுக்கும்போது பொதுவாகக் கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் ஒரு `Tab` எழுத்து வரும், வரிசை முடிந்ததும் புதிய வரி வரும். கணினித் திரையில் அது ஓரளவு நெடுவரிசை போலத் தெரியலாம். கைப்பேசியின் குறுகிய திரையில் அது வெறும் இடைவெளி. வெறுமையான கட்டத்துக்குப் பதில் இரண்டு `Tab` அடுத்தடுத்து இருக்கும். கண்ணுக்கு அது ஒரு இடைவெளிக்கும் இரண்டு இடைவெளிக்கும் உள்ள வித்தியாசம். அந்தத் தந்தை ‘தொடக்கநிலை 5 சனி 25’ என்று படித்தார். மாதக் கட்டணம் 25 வெள்ளி என்று எடுத்துக்கொண்டார். அடுத்த மாதம் முழுக் கட்டணத்துக்கான கட்டணச் சீட்டு போனபோது அவர் கோபப்பட்டது நியாயம்தான். அவர் படித்ததில் தவறே இல்லை. நான் அனுப்பியது அவரிடம் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு சில மாதம் நான் செய்தது இன்னும் மோசம். அட்டவணையை விட்டுவிட்டு, இடைவெளிகளை எண்ணி எண்ணிப் போட்டு நெடுவரிசைகளை நேராக்கினேன். ஆங்கிலத்தில் இது ஓரளவு நடக்கும், ஏனென்றால் எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில் இருக்கும் எழுத்துருக்கள் அதற்கு உண்டு. வாட்ஸ்அப்பில் ஆங்கிலத்தில் backtick எனப்படும் குறியை எழுத்துக்கு முன்னும் பின்னும் மும்மூன்று முறை போட்டால் அப்படிப்பட்ட எழுத்துரு வரும். தமிழுக்கு அந்த வழி உதவாது. ‘ட’வும் ‘ஞௌ’வும் ஒரே அகலத்தில் எப்படி வரும்? அந்தச் சம அகல எழுத்துருவில் தமிழ் எழுத்தே பெரும்பாலும் இருக்காது. செயலி வேறொரு தமிழ் எழுத்துருவைக் கொண்டுவந்து நடுவில் வைக்கும். அது சம அகலமாக இருக்காது. அதோடு ‘கி’ என்ற ஓர் எழுத்து உள்ளே ‘க’ என்றும் இகரக் குறி என்றும் இரண்டு குறியீடாகப் பதிவாகிறது. கணினி எண்ணும் எழுத்துக்கும் கண் பார்க்கும் எழுத்துக்கும் கணக்கே ஒத்துவராது. இடைவெளி போட்டுத் தமிழை நேராக்குவது உங்கள் திரையில், உங்கள் எழுத்துருவில், உங்கள் எழுத்தளவில் மட்டும் நிற்கும். பக்கத்து மேசைக்குப் போனாலே கலைந்துவிடும்.

சரி, அட்டவணைக்குப் பதில் என்ன? ஒவ்வொரு வரிசையையும் பிரித்து ஒரு சிறு தொகுதியாக்குங்கள். நெடுவரிசையின் தலைப்பை ஒவ்வொரு வரியிலும் திரும்ப எழுதுங்கள். மேலே உள்ள கட்டணத்தை நான் இப்போது எழுதினால் முதலில் இப்படித்தான் எழுதுவேன்:

```
தொடக்கநிலை 5 தமிழ்
நாள்: சனிக்கிழமை
மாதக் கட்டணம்: இந்த மாதம் இல்லை
பாடநூல் கட்டணம்: 25 வெள்ளி
```

‘மாதக் கட்டணம்’ என்ற சொல் அதன் தொகையை விட்டு இனிப் பிரியாது. வெறும் கட்டம் என்பதே இல்லை. இல்லை என்றால் ‘இல்லை’ என்று எழுத்தில் நிற்கிறது. 25க்குப் பக்கத்தில் வெள்ளி என்றும் இருக்கிறது. அட்டவணையில் தலைப்பிலேயே நாணயத்தைச் சொல்லிவிட்டுக் கீழே எண்ணை மட்டும் போடும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. தலைப்பு ஒரு பக்கமும் எண் ஒரு பக்கமும் போனபின் அந்த எண் வெள்ளியா, எத்தனை பாடம் என்பதா என்று யாருக்கும் தெரியாது.

ஆனால் இந்த வடிவத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. இதை மார்க்டவுன் படிக்கும் இடத்தில் ஒட்டினால், ஒற்றை வரி முறிவை அது வரி முறிவாகவே மதிக்காது. நான்கு வரியும் ஒட்டிக்கொண்டு ஒரே பத்தியாகிவிடும்: ‘தொடக்கநிலை 5 தமிழ் நாள்: சனிக்கிழமை மாதக் கட்டணம்: இந்த மாதம் இல்லை…’ சில செயலிகள் வரியை அப்படியே காட்டும், சில ஒட்டிவிடும். எது எப்படிச் செய்யும் என்று மனப்பாடம் செய்வதைவிட இரண்டிலும் நிற்கும்படி எழுதுவது சுலபம். தலைப்புக்குக் கீழே ஒரு காலி வரி விடுங்கள். ஒவ்வொரு விவரத்துக்கும் முன்னால் ஒரு சிறு கோடும் ஓர் இடைவெளியும் போடுங்கள்:

```
தொடக்கநிலை 5 தமிழ்

- நாள்: சனிக்கிழமை
- நேரம்: காலை 9.00 முதல் 10.30 வரை
- மாதக் கட்டணம்: இந்த மாதம் இல்லை
- பாடநூல் கட்டணம்: 25 வெள்ளி
```

இந்தச் சிறு கோட்டை நான் மிகவும் நம்புகிறேன். மார்க்டவுனில் அது புள்ளிப் பட்டியலாகும். வாட்ஸ்அப்பிலும் 2024இலிருந்து அது புள்ளிப் பட்டியலாகிறது. இரண்டும் தெரியாத இடத்தில், குறுஞ்செய்தியிலோ பழைய கைப்பேசியிலோ, அது சிறு கோடாகவே நிற்கும். ஒரு வரியின் தொடக்கத்தில் சிறு கோட்டைப் பார்த்து யாரும் குழம்புவதில்லை. நட்சத்திரம் அப்படியல்ல. குறியாக வேலை செய்யாதபோது அது குப்பையாகத் தெரியும். மீதமாக நின்றாலும் கண்ணை உறுத்தாத குறியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தலைப்புக்கு `#` போடுவதையும் இதே காரணத்துக்காகத்தான் நான் விட்டுவிட்டேன். தனி வரியில், முன்னும் பின்னும் காலி வரி விட்டு எழுதினாலே அது தலைப்பு என்று தெரிந்துவிடுகிறது. பதில் நீளமாக இருந்து, வேர்டில் ஆவணமாகவே போகப் போகிறது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் உங்கள் பெட்டியின் உண்மையான தலைப்பு வசதியைப் பயன்படுத்துங்கள். `text/html` பிரதியில் தலைப்பு தலைப்பாகவே போகும், வேர்ட் அதைத் தன் `Heading` பாணியாக எடுத்துக்கொள்ளும், பொருளடக்கமும் அதிலிருந்து போடலாம். வெறும் தடிமனாக்கிய வரிக்கு அந்த வசதி கிடைக்காது.

எண்ணிட்ட படிகளில் மறைவான ஒரு சிக்கல் உண்டு. இணையப் பக்கத்தில் 1, 2, 3 என்று நீங்கள் பார்க்கும் எண்கள் பல சமயம் எழுத்தாக எழுதப்பட்டவை அல்ல. பட்டியல் என்று சொல்லிவிட்டால் உலாவி தானாக எண்ணைப் போட்டுக் காட்டுகிறது. வெறும் எழுத்தாக நகலெடுக்கும்போது சில உலாவிகள் எண்ணையும் எழுதிக் கொடுக்கும், சில கொடுக்காது. வேர்டில் ஒட்டினால் சில சமயம் மேலே ஏற்கெனவே இருந்த பட்டியலோடு சேர்ந்துகொண்டு உங்கள் முதல் படி நான்காவது படியாகிவிடும். ‘3வது படி சரியாக வரவில்லை என்றால் 1வது படிக்குத் திரும்புங்கள்’ என்று எழுதியிருந்தால் அந்த வாக்கியம் அர்த்தமில்லாமல் போய்விடும். அதனால் வரிசை முக்கியமான இடத்தில் எண்ணை எழுத்தாகவே எழுதுகிறேன்: ‘படி 1: படிவத்தைப் பதிவிறக்கம் செய்யுங்கள்.’ இது எண் பட்டியலாக மாறாது, அதனால் எண் தொலையவும் தொலையாது. நான்கைந்து படிக்கு மேல் போகாத பதில்களில் ‘முதலில்’, ‘அடுத்து’, ‘கடைசியாக’ என்று எழுதினாலே போதும்.

இணைப்புகள்தான் சத்தமில்லாமல் தொலைபவை. ‘பதிவு செய்ய இங்கே அழுத்துங்கள்’ என்று எழுதி ‘இங்கே’ என்ற சொல்லுக்குள் முகவரியை ஒளித்துவைத்தால், வேர்டில் அது பிழைக்கும், வாட்ஸ்அப்பில் ‘இங்கே’ என்ற சொல் மட்டும் போய்ச் சேரும். அழுத்தினால் ஒன்றும் நடக்காது. நட்சத்திரமாவது ஏதோ கெட்டிருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும். இது காட்டிக்கொடுக்காது, பெற்றோர் தன் கைப்பேசியில்தான் கோளாறு என்று நினைத்துக்கொள்வார். முகவரியை முழுதாக, கண்ணுக்குத் தெரியும்படி எழுதுங்கள். தமிழில் எழுதுபவர்கள் இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாம் வேற்றுமை உருபை ஒட்டி எழுதுவோம். `https://example.com/pathivu-இல்` என்று எழுதினால் அந்த ‘இல்’லும் முகவரியின் பகுதி என்று சில செயலிகள் எடுத்துக்கொள்ளும், அழுத்தினால் பக்கம் காணவில்லை என்று வரும். முற்றுப்புள்ளியை ஒட்டி வைத்தாலும் இதே ஆபத்து ஓரளவு உண்டு. முகவரிக்குத் தனி வரி கொடுத்துவிடுங்கள், அதற்கு முன்னும் பின்னும் எதையும் ஒட்டாதீர்கள்:

```
பதிவுப் படிவம் இந்த முகவரியில் உள்ளது:

https://example.com/pathivu
```

உருபு ஒட்டும் இதே வழக்கம் தடிமனிலும் தொல்லை கொடுக்கும். `*சனிக்கிழமை*க்குள் பதிவு செய்யுங்கள்` என்று எழுதினால், மூடும் நட்சத்திரத்தை ஒட்டி எழுத்து வருவதால் வாட்ஸ்அப் அதைக் குறியாக மதிக்காமல் நட்சத்திரமாகவே விட்டுவிடக்கூடும். மார்க்டவுனில் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். ஆனால் தடிமனுக்குள் மேற்கோள் குறி இருந்து, மூடும் நட்சத்திரத்தை ஒட்டி உருபு வந்தால் அங்கும் தடிமனாகாது. ஆங்கிலத்தில் சொல்லுக்குப் பிறகு பெரும்பாலும் இடைவெளி வந்துவிடுவதால் இது அவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. வழி சுலபம்: உருபையும் உள்ளே சேர்த்துவிடுங்கள், `*சனிக்கிழமைக்குள்*` என்று. நட்சத்திரத்துக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி மட்டும் விடாதீர்கள், விட்டாலும் வேலை செய்யாது.

வேர்டில் என்ன கெடுகிறது என்று நீங்கள் விவரமாகச் சொல்லவில்லை. அங்கே நான் அடிக்கடி பார்ப்பது இரண்டு. ஒன்று நிறமும் எழுத்துருவும். உங்கள் அரட்டைப் பெட்டி இருண்ட திரையில் வெள்ளை எழுத்தாக இருந்தால், அந்த வெள்ளை நிறமும் சேர்ந்து வரும். வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்து, ஒன்றுமே ஒட்டவில்லை என்று பெற்றோர் நினைப்பார். அல்லது எழுத்துக்குப் பின்னால் சாம்பல் பட்டை வரும். எழுதும் உங்களால் இதைத் தடுக்க முடியாது, ஒட்டுகிறவர்தான் செய்ய வேண்டும். கூகுள் டாக்ஸிலும் வேர்டின் புதிய பதிப்புகளிலும் `Ctrl+V`க்குப் பதில் `Ctrl+Shift+V` அழுத்தினால் வெறும் எழுத்து மட்டும் வரும். பழைய வேர்டில் ஒட்டியதும் தோன்றும் சிறு பெட்டியில் `Keep Text Only` என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டதென்றால் அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்து `Ctrl+Space` அழுத்தினால் எழுத்தின் மேல் ஏறிய நிறமும் அளவும் போகும். இதில் ஒரு விலை உண்டு. வெறும் எழுத்தாக ஒட்டினால் உண்மையான தலைப்பும் அட்டவணையும் மறைந்த இணைப்பும் சேர்ந்து போய்விடும். மேலே சொன்ன மாதிரி எழுதிய பதிலுக்கு அதனால் நஷ்டம் எதுவும் இல்லை.

இரண்டாவது, வரி முறிவு. சில அரட்டைப் பெட்டிகள் ஒவ்வொரு வரியையும் தனிப் பத்தியாக்காமல் ஒரே பத்திக்குள் வரியை மட்டும் முறிக்கும். வேர்டில் அது வளைந்த அம்புக்குறியாக வந்து உட்காரும். இருபுறமும் சமமாக்கிய பத்தியாக இருந்தால் ‘நாள்: சனிக்கிழமை’ என்ற இரண்டு சொல்லும் தாளின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் இழுபட்டு நிற்கக்கூடும். ஒரு வரியைத் தலைப்பாக்கப் போனால் மொத்தத் தொகுதியும் தலைப்பாகிவிடும். வேர்டின் தேடி மாற்றும் பெட்டியில் `^l` என்று தேடி `^p` என்று மாற்றினால் எல்லாம் தனித்தனிப் பத்தியாகிவிடும். பாதிப் பெற்றோருக்கு இதைச் சொல்லிக் கொடுக்க முடியாது என்பது தெரியும். அவர்களுக்காகத்தான் பட்டியலாக எழுதச் சொல்கிறேன். பட்டியலில் ஒவ்வொரு உருப்படியும் வேர்டில் தனிப் பத்தியாகவே போய்ச் சேரும்.

துணைப்பாட நிலையம் என்றதால் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. உங்களிடம் பழைய வேர்ட் கோப்புகள் இருக்கும், அவற்றிலிருந்து வரிகளை எடுத்துப் பதிலில் ஒட்டுவீர்கள். அவற்றில் சில பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவையாக இருக்கலாம். அந்தக் கோப்பில் ‘அம்மா’ என்று தெரிவது உள்ளே `mk;kh` என்ற ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டிக்கொண்டிருக்கிறது. எழுத்துரு வேர்டில் இருந்து வாட்ஸ்அப்புக்குப் பயணம் போகாது, அதனால் பெற்றோர் `mk;kh` என்றே பார்ப்பார்கள். படிப்பவருக்குத் தெரிய வேண்டியது எழுத்தில் இல்லாமல் அலங்காரத்தில் இருந்ததற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. அந்தக் கோப்புகளை ஒரு முறை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றியபின் எண்களையும் நிறுத்தக் குறிகளையும் கண்ணால் சரிபாருங்கள், மாற்றிகள் பெரும்பாலும் தடுக்கி விழுவது அங்கேதான்.

எழுத்தை அழகாக்கித் தரும் இணையதளங்கள் சில உண்டு, ஆங்கில எழுத்தைத் தடிமன் போலவே தெரியும் வேறு எழுத்தாக மாற்றித் தரும். எங்கே ஒட்டினாலும் தடிமனாகத் தெரிவதால் சிலர் அதைப் பரிந்துரைப்பார்கள். அவை உண்மையில் கணிதக் குறியீடுகளாக யூனிகோடில் உள்ளவை. தமிழுக்கு அப்படி ஒரு தொகுதியே இல்லை. ஆங்கிலத்திலும் வேண்டாம், பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான்கள் பல அதை ஒழுங்காகப் படிக்காது, பல இடங்களில் தேடினாலும் சிக்காது.

நான் சொன்னவற்றில் எது கல்லில் எழுதியது, எது மாறக்கூடியது என்பதையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். நகலெடுக்கும்போது இரண்டு பிரதி போகிறது, வாட்ஸ்அப் வெறும் எழுத்தை எடுக்கிறது, மறைந்த இணைப்பு தொலைகிறது, தமிழ் இடைவெளியால் நேராகாது: இவற்றை நம்பி வேலை செய்யலாம். எந்தக் குறி எந்தச் செயலியில் என்னவாகும் என்பது பதிப்புக்குப் பதிப்பு மாறும். 2024க்கு முன் வாட்ஸ்அப்பில் பட்டியல் வசதியே இல்லை. ஒரே செயலி கைப்பேசியில் ஒரு மாதிரியும் கணினியில் வேறு மாதிரியும் நடந்துகொள்வதும் உண்டு. உங்கள் அரட்டைப் பெட்டியின் பொத்தான் எதை நகலெடுக்கிறது என்பது அதைச் செய்து கொடுத்தவர்கள் முடிவுசெய்தது. அவர்களிடம் ஒரு கோரிக்கை வைத்துப் பாருங்கள்: பொத்தானை அழுத்தினால் குறிகள் நீக்கிய உரை `text/plain` ஆகவும், அழகான வடிவம் `text/html` ஆகவும் சேர்ந்து போகட்டும் என்று கேளுங்கள். இன்றைய உலாவிகளில் ஒரே அழுத்தத்தில் இரண்டையும் எழுதிவைக்க முடியும், பெரிய வேலை அல்ல.

அதுவரை, அடிக்கடி அனுப்பும் பதில்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டணம், வகுப்புக் கால அட்டவணை, விடுமுறை நாள், பதிவு செய்யும் முறை என்று பத்துப் பன்னிரண்டு இருக்கலாம். ஒவ்வொன்றையும் பொத்தானை அழுத்தி நகலெடுத்து உங்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி, கணினியில் அல்ல, கைப்பேசியில் திறந்து படியுங்கள். அப்புறம் அதையே வேர்டில் ஒரு முறை சாதாரணமாகவும் ஒரு முறை `Ctrl+Shift+V` போட்டும் ஒட்டுங்கள். மூன்று இடத்திலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: தொடக்கநிலை 5க்கு நான் எவ்வளவு கட்ட வேண்டும், எப்போது வர வேண்டும்? விடையைத் தேட வேண்டியிருந்தால் அந்த வரியைத் திருத்துங்கள். முடிந்தால் பதிலை எழுதாத ஒருவரிடம் கைப்பேசியைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எழுதியவர் கண் இல்லாத கட்டத்தையும் பார்த்துவிடும்.